கழித்தலும் கழித்தலும் கூட்டலாவது ஏன்? ஒரு காணொளியும் அதற்கு வந்த திருத்தமும்

'மைனஸ் இன்ட்டு மைனஸ், ப்ளஸ்.' ஏழாம் வகுப்பைத் தாண்டிய யாருக்கும் இது மனப்பாடம். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால், நன்றாகப் படித்தவர்கள்கூடக் கொஞ்சம் தயங்குவார்கள். 'அது விதி, அவ்வளவுதான்' என்பார்கள் சிலர். 'இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை' என்று சிலர் சமாளிப்பார்கள். அப்படியானால் குறை 3-ஐயும் குறை 4-ஐயும் கூட்டினால் மட்டும் குறை 7 வருவானேன்? அங்கேயும் இரண்டு எதிர்மறைகள்தானே சேர்கின்றன?

இந்தப் பழைய கேள்வி 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு காணொளி வடிவில் மறுபடி தலைதூக்கியது. அதைக் கிளப்பியவர்கள் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஜான் கோல்டன், டேவிட் காஃபி என்ற இரு பேராசிரியர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வேறொருவருடைய பாடக் காணொளியை. அதைத் தங்கள் காணொளிக்குள் ஓடவிட்டு, ஓட ஓடக் கருத்துச் சொன்னார்கள். மூலக் காணொளியைத் தயாரித்தவர் சால் கான். கான் அகாடமியின் நிறுவனர்.

கானின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். வேறு ஊரிலிருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு 2004-இல் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2006-இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். பிறகு நிதி நிறுவன வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினார். 2012 வாக்கில் அவருடைய களஞ்சியத்தில் 3,000-க்கும் மேற்பட்ட காணொளிகள் இருந்தன. கறுப்புத் திரை, வண்ணக் கோடுகள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற குரல். எழுதி வைத்துப் படிக்காமல், மனத்தில் வருவதை வந்தபடியே பேசிப் பதிவுசெய்வது அவர் பாணி. அந்தப் பாணியில்தான் அவருடைய ஈர்ப்பு இருந்தது. தவறு நுழையும் சந்தும் அதிலேயே இருந்தது.

கோல்டனும் காஃபியும் தேர்ந்தெடுத்த பாடம், மிகை எண்களையும் குறை எண்களையும் பெருக்குவது, வகுப்பது பற்றியது. பழைய திரைப்படங்களை ஓடவிட்டு, பார்த்தபடியே கிண்டலாகப் பேசும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சற்றே மாற்றித் தங்கள் காணொளிக்கு வைத்தார்கள். அந்தக் கிண்டல் தொனி சிலருக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். அவர்கள் சொன்ன திருத்தங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஒரு பண்பின் பெயர் மாறிப்போனது. மற்றொன்று, விதியைச் சொன்ன பாடம் அந்த விதி ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டது.

முதலில் பெயர். பெருக்கலில் எண்களின் வரிசையை மாற்றலாம் என்பதற்குச் சொல்ல வேண்டிய பெயர் பரிமாற்றுப் பண்பு. 3-ஐ 5-ஆல் பெருக்கினாலும் 5-ஐ 3-ஆல் பெருக்கினாலும் 15 என்பதுதான் அது. பாடத்தில் அந்த இடத்தில் வந்து விழுந்த பெயர் 'கடப்புப் பண்பு'. கடப்பு என்பது முற்றிலும் வேறு விஷயம். கண்ணனைவிட முருகன் உயரம், முருகனைவிட வேலன் உயரம் என்றால், கண்ணனைவிட வேலன் உயரம். நடுவில் இருப்பவரைக் கடந்து உறவு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. எல்லா உறவும் அப்படிக் கடந்து போகாது: கண்ணனுக்குத் தகப்பன் முருகன், முருகனுக்குத் தகப்பன் வேலன் என்றால் கண்ணனுக்கு வேலன் தகப்பன் ஆவதில்லை. ஆக, கடப்பு என்பது பொருள்களுக்கு இடையேயான உறவைப் பற்றியது. பரிமாற்று என்பது கூட்டல், பெருக்கல் போன்ற ஒரு செயலைப் பற்றியது.

வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கு இத்தனை விளக்கமா என்று தோன்றலாம். இந்தப் பாடத்தில் அந்தப் பண்புக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்று தடவை குறை 4 என்றால் மாணவிக்குப் புரியும்: குறை 4-ஐ மூன்று முறை கூட்டு, குறை 12. ஆனால் குறை மூன்று தடவை 4 என்றால்? எதையும் 'குறை மூன்று தடவை' கூட்ட முடியாது. அந்த இடத்தில்தான் வரிசையை மாற்றிக்கொள்கிறோம். அதையே நான்கு தடவை குறை 3 என்று வாசித்தால் மறுபடியும் குறை 12 கிடைத்துவிடுகிறது. வாதம் முழுவதும் அந்த ஓர் ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணிக்குத் தவறான பெயர் சூட்டினால், 'வரிசையை மாற்றலாம் என்று எதை நம்பிச் சொல்கிறோம்?' என்று யோசிக்கும் மாணவி, புத்தகத்தைப் புரட்டி வேறு பக்கத்தில் போய்த் தேடுவாள். கழித்தலில் வரிசையை மாற்ற முடியாது, வகுத்தலிலும் முடியாது. ஆகவே எங்கே மாற்றலாம், எங்கே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வரிசை மாற்றம் கைகொடுப்பதும் இதுவரைதான். குறை 3-ஐக் குறை 4-ஆல் பெருக்கும்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் முன்னால் ஒரு குறை எண் நிற்கிறது. கூட்டிப் பார்க்க வழியில்லை. அந்த இடத்தில் ஒரு விதியைக் கொடுத்துவிட்டு நகர்வது எளிது. பேராசிரியர்கள் நிறுத்தச் சொன்னது அங்கேதான்.

மளிகைக் கடைக் கடன் நோட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கணக்கில் 40 ரூபாய்க் கடன் வரி மூன்று ஏறினால் அவருடைய நிலை 120 ரூபாய் இறங்குகிறது. அது 3 பெருக்கல் குறை 40. கடைக்காரர் அந்த மூன்று வரிகளும் தவறுதலாக ஏறியவை என்று கண்டுபிடித்து அடித்துவிட்டால்? அவர் நிலை 120 ரூபாய் ஏறுகிறது. கடன் வரிகள் மூன்றை நீக்குவது, அதாவது குறை 3 பெருக்கல் குறை 40, கூட்டல் 120 ஆகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு எண்களும் ஒரே வகை அல்ல. ஒன்று ரூபாய், மற்றொன்று எத்தனை வரி ஏறியது, எத்தனை வரி நீங்கியது என்ற எண்ணிக்கை.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் இலக்கியச் சாட்சி இருக்கிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் தன் இளமைக்காலத்தை எழுதும்போது, பள்ளியில் தன்னை வாட்டிய இந்த விதியைப் பற்றிப் புலம்புகிறார். பத்தாயிரம் பிராங்க் கடனை ஐந்நூறு பிராங்க் கடனால் பெருக்கினால் ஐம்பது லட்சம் பிராங்க் சொத்து எப்படி வரும் என்பது அவர் கேள்வி. ஆசிரியர்களிடம் கேட்டும் அவருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அவருடைய சந்தேகம் நியாயமானது. கடனைக் கடனால் பெருக்க முடியாது. ரூபாயை ரூபாயால் பெருக்கினால் வருவது ரூபாய் அல்ல. கடன் உவமை ஓரளவு தூரம்தான் துணைக்கு வரும். அது முடிகிற இடத்தையும் சேர்த்துக் காட்டியிருந்தால் ஸ்டெந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

கடனும் செல்வமும் என்ற இந்தப் பார்வை நம் மண்ணில் மிகப் பழையது. இன்றைய ராஜஸ்தானின் பின்மால் நகரோடு தொடர்புடைய பிரம்மகுப்தர், கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் மிகை எண்களைத் தனம் என்றும் குறை எண்களை ருணம் என்றும் அழைத்து, அவற்றோடு பூச்சியத்தையும் சேர்த்துக் கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கான விதிகளை வரிசையாகத் தந்தார். இரண்டு கடன்களின் பெருக்கம் செல்வம் என்பது அவற்றில் ஒன்று. அவரும் விதியைத்தான் தந்தார், நிறுவலை அல்ல. ஆனால் அவர் கொடுத்த பட்டியலிலேயே நிறுவலுக்கான பொருள்கள் இருக்கின்றன. முக்கியமாக, பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம் என்பது.

அந்த நிறுவலுக்குப் போகும் முன், வகுப்பில் சட்டென்று எடுபடும் ஒரு வழி உண்டு. குறை 4-ஐ முதலில் 3-ஆல் பெருக்குங்கள்: குறை 12. அடுத்து 2-ஆல்: குறை 8. அடுத்து 1-ஆல்: குறை 4. பூச்சியத்தால்: பூச்சியம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடை நான்கு நான்காக ஏறுகிறது. அடுத்த படி குறை 1. ஏற்றம் தொடர்ந்தால் விடை 4. அடுத்து 8. அடுத்து, குறை 3-க்கு, 12. பிள்ளைகள் இதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் இது ஊகம்தான். பூச்சியத்துக்கு அப்புறமும் அதே ஒழுங்கு தொடர வேண்டும் என்று யார் சொன்னது? கூர்மையான ஒரு மாணவி இதைக் கேட்பாள், கேட்கவும் வேண்டும்.

அவளுக்கான பதில் பங்கீட்டுப் பண்பில் இருக்கிறது. ஒரு கூட்டுத்தொகையை மொத்தமாகப் பெருக்கினாலும், பகுதி பகுதியாகப் பெருக்கிக் கூட்டினாலும் விடை ஒன்றே என்பது அந்தப் பண்பு. 13-ஐ 6-ஆல் பெருக்க, 10-ஐ 6-ஆல், 3-ஐ 6-ஆல் தனித்தனியே பெருக்கி 60-ஐயும் 18-ஐயும் கூட்டுகிறோமே, அதுதான். இப்போது 3-ஐயும் குறை 3-ஐயும் கூட்டுங்கள். பூச்சியம். அந்தப் பூச்சியத்தைக் குறை 4-ஆல் பெருக்கினாலும் பூச்சியம். அதையே பகுதி பகுதியாகச் செய்தால், முதல் பகுதி 3 பெருக்கல் குறை 4. அது குறை 12 என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது பகுதி குறை 3 பெருக்கல் குறை 4. அதுதான் நாம் தேடுவது. இரண்டும் சேர்ந்து பூச்சியம் வர வேண்டும். குறை 12-உடன் எதைக் கூட்டினால் பூச்சியம் வரும்? 12 மட்டுமே. வேறு வழியில்லை.

பிடிவாதமாகக் குறை 12 என்றே வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? அதையும் செய்து பார்க்கலாம். 98-ஐ 97-ஆல் மனக்கணக்காகப் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 98 என்பது 100-இல் 2 குறைவு. 97 என்பது 100-இல் 3 குறைவு. நூறும் நூறும் பெருக்கினால் 10,000. நூறைக் குறை 3-ஆல் பெருக்கினால் குறை 300. நூறைக் குறை 2-ஆல் பெருக்கினால் குறை 200. மீதி 9,500. கடைசியாக இருப்பது குறை 2 பெருக்கல் குறை 3. அது கூட்டல் 6 என்றால் விடை 9,506. கழித்தல் 6 என்றால் 9,494. எது சரி என்பதற்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை. 97-ஐ 98 தடவை கூட்டிப் பார்த்தால் போதும். 9,506-தான் வரும்.

அந்த 6 எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் பக்கத்துக்கு 100 கட்டம் வீதம் ஒரு சதுரம் வரைந்துகொள்ளுங்கள். வலப்பக்க ஓரத்தில் 2 கட்ட அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் 200 கட்டங்கள். கீழ் ஓரத்தில் 3 கட்ட உயரத்துக்கு இன்னொரு பட்டை. அதில் 300 கட்டங்கள். இரண்டையும் கழித்தால் 9,500. ஆனால் இரு பட்டைகளும் வலப்பக்கக் கீழ் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அங்கே 2-க்கு 3 என்று 6 கட்டங்கள். அவற்றை நாம் இரண்டு முறை கழித்துவிட்டோம். ஒரு முறைதான் கழித்திருக்க வேண்டும். ஆகவே 6-ஐத் திரும்பக் கூட்டுகிறோம். கழித்தலும் கழித்தலும் கூட்டலாவது தாளின் அந்த மூலையில் நடக்கிறது.

இந்த விளக்கங்களைத் தனியாக ஒரு காணொளியாகவே எடுத்திருக்கலாமே, இன்னொருவருடைய பாடத்தை ஓடவிட்டு அதன்மேல் ஏன் பேச வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஆய்வு வழியாகவே ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. டெரெக் முல்லர் என்பவர் இன்று 'வெரிட்டாசியம்' என்ற அறிவியல் காணொளித் தடத்தால் அறியப்படுபவர். அதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில், இயற்பியல் காணொளிகள் எப்போது பயன் தருகின்றன என்பதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்து 2008-இல் முடித்தார். ஒரே பாடத்துக்கு வேறு வேறு வடிவங்களில் காணொளிகள் தயாரித்தார். ஒரு வடிவத்தில் சரியான விளக்கம் மட்டும், தெளிவாக, சுருக்கமாக. இன்னொரு வடிவத்தில் மாணவர்களிடம் பரவலாக இருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் எடுத்துச் சொல்ல, உரையாடல் வழியே அது திருத்தப்படுகிறது. முதலாமாண்டு மாணவர்களுக்குக் காட்டி, பார்ப்பதற்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்தார்.

சரியான விளக்கத்தை மட்டும் பார்த்தவர்கள், காணொளி தெளிவாக இருந்தது, எளிதில் புரிந்தது என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண்ணோ அநேகமாக நகரவில்லை. தவறான எண்ணத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள், காணொளி குழப்பமாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண் ஏறத்தாழ இரு மடங்கானது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற விஷயத்தை ஒருவர் தெளிவாகச் சொல்லும்போது, மனம் அதை முழுக்கக் கேட்பதில்லை. தான் நினைத்ததையே அவரும் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. தன் எண்ணத்தையே ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, அது தவறு என்று நிறுத்தும்போதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. முல்லர் இந்த முடிவுகளை 2011-இல் ஒரு காணொளியாக வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே கான் அகாடமியின் பெயர் இருந்தது.

மறுமொழிக் காணொளிக்கு இந்த அமைப்பு தானாகவே வாய்த்துவிடுகிறது. மூலப் பகுதி ஓடும்போது பார்ப்பவர் தலையாட்டிக்கொண்டே வருகிறார். நிறுத்தியதும் 'இதில் என்ன தவறு?' என்ற கேள்வி எழுகிறது. ஆனால் நிறுத்தியபின் சொல்லப்படுவது காரணமாக இருக்க வேண்டும். கோல்டனும் காஃபியும் கையாண்ட கிண்டல் இந்த இடத்தில் அவர்களுக்கே தடையானது. பிழையைவிடப் பிழை செய்தவர் முன்னால் வந்து நின்றுவிட்டார். கான் அகாடமியால் பயன்பெற்றவர்கள் அதைத் தாக்குதலாகவே பார்த்தார்கள். இதே திருத்தம் அமைதியான குரலில் சொல்லப்பட்டிருந்தால் இன்னும் பலர் காதில் விழுந்திருக்கும். மறுபக்கம், அந்தக் கிண்டல் இல்லாமல் அந்தக் காணொளி அத்தனை வேகமாகப் பரவியிருக்குமா என்பதும் நியாயமான கேள்வி.

இன்னொருவருடைய பாடத்தை இப்படி எடுத்தாள அனுமதி வேண்டாமா? இந்த விஷயத்தில் அனுமதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. கான் அகாடமி தன் காணொளிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. கடிதம் எழுதிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், இன்னின்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே அறிவித்துவிடும் முறை இது. இந்த உரிமங்கள் முதன்முதலில் 2002-இல் வெளிவந்தன. கான் அகாடமி தேர்ந்தெடுத்தது CC BY-NC-SA என்று குறிக்கப்படும் வகை. மூன்று நிபந்தனைகள் அதில் அடங்கும். யாருடைய படைப்பு, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றம் செய்தோம் என்று சொல்ல வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதை வைத்து உருவாக்கும் புதிய படைப்பையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை திருத்தங்களுக்கு மிகவும் பொருத்தமானது. திருத்தத்திலும் ஒரு பிழை இருந்தால், மூன்றாவது ஆள் ஒருவர் அதை எடுத்து அதன்மேல் பேசலாம். இரண்டாவது நிபந்தனையில் பலர் சறுக்குவார்கள். மறுமொழிக் காணொளியில் விளம்பரம் போட்டுப் பணம் ஈட்டினால், இந்த உரிமம் தரும் அனுமதிக்குள் அது அடங்குவது கடினம். உரிம வகைகளில் மாற்றம் கூடாது என்ற நிபந்தனை கொண்டவையும் உண்டு. அப்படிப்பட்ட காணொளியை முழுதாகப் பகிரலாமே தவிர, நடுவில் நிறுத்தி, வெட்டி, மேலே குரல் சேர்த்து வெளியிட அந்த உரிமம் இடம் தராது. இன்னொன்றும் முக்கியம்: மூலப் படைப்பாளி இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார் என்ற தோற்றத்தை இந்த உரிமங்களில் எதையும் வைத்து உண்டாக்கக் கூடாது. அனுமதி வேறு, ஒப்புதல் வேறு.

விமர்சனத்துக்கு அனுமதியே தேவையில்லையே என்று சிலர் சொல்லலாம். ஒரு வகையில் சரிதான். அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கு உண்டு. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நேர்மையாக எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் இவை தகராறு வந்தபின் முன்வைக்கும் வாதங்கள். எவ்வளவு எடுத்தோம், அதில் எவ்வளவு பேசினோம், மூலத்துக்குப் பதிலாக மக்கள் இதையே பார்த்துவிடுவார்களா என்றெல்லாம் ஒருவர் எடைபோட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். யூடியூபில் உரிமையாளர்கள் பதிந்துவைத்த படைப்புகளோடு ஒவ்வொரு புதிய காணொளியையும் ஒப்பிடும் தானியங்கி முறை 2007 முதல் இருக்கிறது. ஒரு துண்டு ஒத்துப்போகிறதா என்று அதற்குத் தெரியும். அந்தத் துண்டை எடுத்தவர் திருடுகிறாரா, திருத்துகிறாரா என்று தெரியாது. வெளிப்படையான உரிமமோ எழுத்தில் வாங்கிய அனுமதியோ இருந்தால் இந்த வழக்காடலுக்கே இடமில்லாமல் போகிறது. பாடத்தின் முழு வாதத்தையும் இடைவெட்டில்லாமல் காட்டிவிட்டுப் பேசவும் முடிகிறது. திருத்துபவருக்கு அந்த முழுமை தேவை. பாதியைக் காட்டித் திருத்தினால், 'அடுத்த வரியில் அவரே சரியாகச் சொல்லியிருப்பார்' என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வரும்.

சில நாட்களிலேயே பலன் தெரிந்தது. கான் அந்தப் பாடத்தை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் புதிதாக இரண்டு காணொளிகளை ஏற்றினார். குறையும் குறையும் பெருக்கினால் ஏன் மிகை என்ற கேள்வியை இந்த முறை அவர் நேராக எடுத்துக்கொண்டார். கல்வித் துறையில் எழுதிவந்த டான் மேயர், ஜஸ்டின் ரைக் என்ற இருவர், கான் அகாடமிக் காணொளிகளுக்கு இதுபோல நல்ல மறுமொழி தருபவர்களுக்குப் பரிசு என்று ஒரு போட்டியும் அறிவித்தார்கள்.

பழைய பாடத்தை அதே இடத்தில் வைத்துத் திருத்த கானால் முடிந்திருக்குமா என்றால், முடியாது. யூடியூபில் ஒரு காணொளியை ஏற்றிவிட்டால், அதே முகவரியில் வேறு பதிப்பை வைக்க வழியில்லை. நீக்கினால் அந்த முகவரியைக் குறித்துவைத்த ஆசிரியர்களுக்கெல்லாம் அது வெற்றிடமாகிவிடும். அந்தக் காலத்தில் பலர் வேறொரு வழியைக் கையாண்டார்கள். ஓடும் படத்தின்மேல் சிறு பெட்டி ஒன்றில் 'இங்கே நான் சொன்னது தவறு, சரியானது இது' என்று எழுதி ஒட்டும் வசதி இருந்தது. பார்ப்பவர்களில் பலர் செல்பேசிக்கு மாறியபோது அந்தப் பெட்டிகள் அங்கே வேலை செய்யவில்லை. 2017-இல் புதிதாக ஒட்டுவது நிறுத்தப்பட்டது. 2019 ஜனவரியில் இருந்த பெட்டிகளும் மறைந்தன. படைப்பாளிகள் நேர்மையாக ஒட்டிவைத்த திருத்தங்கள் போய்விட்டன. அவற்றின் கீழே இருந்த பிழைகள் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

2022-இல் இதற்கு மாற்றாக ஒரு வசதி வந்தது. காணொளியின் விவரக் குறிப்பில் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பிட்டு, அதன் கீழே நேரத்தையும் திருத்தத்தையும் எழுத வேண்டும்.

```
Correction:
3:12 இது கடப்புப் பண்பு அல்ல, பரிமாற்றுப் பண்பு
```

அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் திருத்தத்தைப் பார்க்கச் சொல்லும் சிறு அட்டை ஒன்று தோன்றும். மேலே உள்ள வரியில் நேரம் எடுத்துக்காட்டுக்காகப் போட்டது. இந்த வசதி 2012-இல் இருந்திருந்தால், கோல்டனும் காஃபியும் சுட்டிய முதல் பிழையைச் சரிசெய்ய ஒரே வரி போதுமாக இருந்திருக்கும். இரண்டாவதற்குப் போதாது. மூலையில் இருமுறை கழிக்கப்பட்ட ஆறு கட்டங்களைக் காட்டத் தாள் வேண்டும், படிப்படியாகப் பேச நேரம் வேண்டும். கான் எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்ப்பதோடு நிறுத்தாமல் பாடத்தையே மறுபடி எடுத்தது அதனால் சரியான முடிவு.